கெரட்டின், சென்ட், சாம்பிராணி: மாசமாக இருப்பவர்கள் என்னிடம் கேட்பவை

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் செக்கப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பி.பி. பார்க்கும் இரண்டு நிமிடத்தில்தான் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் வெளியே வரும். புகை, வாசனை, முடி பற்றியவை திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைத்தேன். பார்லர் விஷயங்களை, பல வருஷமாக பார்லர் நடத்தும் என் நாத்தனாரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

சிஸ்டர், எந்த வாசனை பட்டாலும் குமட்டுது. அந்த வாசனை குழந்தையைப் பாதிக்குமா?

குமட்டல் வருவதால் மட்டும் அந்த வாசனை கெடுதல் என்று ஆகிவிடாது. முதல் மூன்று மாதம் மூக்குக்குச் சகிப்பு குறைந்துவிடும். தாளிக்கும் வாசனை, மல்லிகைப்பூ, கணவரின் சோப்பு என்று எதுவும் தொந்தரவு செய்யலாம். இவை எதுவும் குழந்தையைத் தொடுவதில்லை. தள்ளி உட்காருங்கள், ஜன்னலைத் திறங்கள், அது போதும்.

இதற்கு நேர்மாறானதுதான் நான் கவலைப்படுவது. சில கெடுதல்களுக்கு நல்ல வாசனை இருக்கும், சிலவற்றுக்கு வாசனையே இருக்காது. அதனால் நான் மூக்கை நம்பாமல் மூன்றைக் கேட்பேன். அந்தப் பொருள் எரிகிறதா அல்லது சூடாகிறதா? அறை மூடியிருக்கிறதா? எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. அதுக்கு முன்னாடி ஒரு கெரட்டின் பண்ணிக்கட்டுமா?

வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் முடியில் இல்லை, மூச்சில் இருக்கிறது. கெரட்டின் என்ற பெயரைக் கேட்டால் முடிக்குப் புரதம் ஊட்டுவது போலத் தோன்றும். முடியை நேராக்கி நிறுத்துவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூட்டில் அதை வெளியிடும் ஒரு மருந்து. தலையை அலசி, மருந்தைப் பூசி, அரை மணி நேரம் போல ஊறவைத்து, டிரையர் போட்டு, பிறகு ஏறக்குறைய 230 டிகிரி சூட்டில் அயர்ன் வைத்து ஒவ்வொரு கற்றையாகப் பலமுறை இழுப்பார்கள். டிரையரும் அயர்னும் படும்போதுதான் ஆவி கிளம்புகிறது. நீளமான முடிக்கு இது இரண்டு மூன்று மணி நேரம் போகும், ஏசிக்காகக் கதவையும் சாத்தியிருப்பார்கள். நான் கேட்கும் மூன்று கேள்விக்கும் மோசமான பதில் கிடைக்கும் இடம் இது.

ஃபார்மால்டிஹைடை உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கர்ப்பத்தில் ஒருமுறை பட்டால் இவ்வளவு ஆபத்து என்று கணக்காகச் சொல்லும் அளவுக்கு ஆய்வு கிடையாது. ஆனால் உடனடியாக நடப்பது தெரியும்: கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், தலைவலி, இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல். தள்ளிப்போட முடிந்த ஒன்றுக்காக இதை வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஒன்று சொல்லவா, வளைகாப்பில் சடை பின்னி, தலை நிறையப் பூ தைத்துவிடுவார்கள். முடி நேராக இருக்கிறதா சுருளாக இருக்கிறதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படியும் ஆசையாக இருந்தால், மருந்து எதுவும் இல்லாமல் வெறும் டிரையரும் அயர்னும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தலைக்குளியல் வரை நிற்கும்.

எங்க பார்லர்ல இது ஃபார்மாலின் இல்லாததுன்னு டப்பாவையே காட்டினாங்களே?

டப்பாவில் எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஃபார்மாலின் என்பது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான். மூடிய டப்பாவுக்குள் அது இல்லாமலே இருக்கலாம், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். இப்போது பரவலாகச் சேர்க்கப்படும் கிளையாக்சிலிக் அமிலம் அப்படிப்பட்டது. அயர்ன் பட்டவுடன் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று விற்கப்படும் பலவற்றில் இதுதான் இருக்கிறது. போடாக்ஸ் ஊசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த அமிலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. உச்சந்தலைத் தோல் வழியாக உள்ளே போனால் உடம்பு அதை ஆக்சலேட்டாக மாற்றுகிறது, அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடலாம். 2024-ல் ஒரு மருத்துவ இதழில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர் மூன்று முறை முடியை ஸ்ட்ரெய்ட்டன் செய்துகொண்டார், மூன்று முறையும் அதே நாளில் வாந்தி, முதுகுவலி வந்து சிறுநீரகம் பழுதுபட்டது. பூசிய க்ரீமில் 10 சதவீதம் கிளையாக்சிலிக் அமிலம் இருந்தது. அவர் கர்ப்பிணி இல்லை. ஆனால் கர்ப்பத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்கப் பொடி எழுத்தைப் போட்டோ எடுங்கள். ஃபார்மாலின், மெத்திலீன் கிளைகால், மெத்தனல் (கடைசி எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள், மெத்தனால் வேறு, மெத்தனல் என்றால் அது ஃபார்மால்டிஹைடேதான்), கிளையாக்சிலிக் ஆசிட், கிளையாக்ஸிலாயில் என்று தொடங்கும் பெயர்கள், இவற்றில் எது இருந்தாலும் அதே கதைதான். வேறு லேபிள் ஒட்டிய டப்பாவில் ஊற்றி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அப்போ ரீபாண்டிங், ஸ்மூத்னிங்ல அந்த ஆவி கிடையாதே. அது பரவாயில்லையா?

பழைய முறை ரீபாண்டிங் வேறு விதமானதுதான். அதில் தயோகிளைகாலேட் க்ரீம் முடியின் உள்கட்டைத் தளர்த்துகிறது. அதைத் தண்ணீரில் முழுக்க அலசிவிட்டு, காயவைத்து, அயர்ன் போட்டு, பிறகு நியூட்ரலைசர் பூசுவார்கள். அழுகின முட்டை போல நாறும். ஃபார்மால்டிஹைடு அளவுக்குப் பயம் இல்லை என்றாலும், அம்மோனியா நெடியும், உச்சந்தலை வெந்துபோகும் வாய்ப்பும் இருக்கிறது. புண்ணான தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். கர்ப்பத்தில் தோல் முன்பு போல நடந்துகொள்ளும் என்றும் சொல்ல முடியாது. இதையும் தள்ளிப்போடச் சொல்வேன்.

சிக்கல் என்னவென்றால், ஸ்மூத்னிங் என்ற பெயரில் ஒரு கடையில் இது, அடுத்த கடையில் அது. நாத்தனார் சொல்லிக்கொடுத்த அடையாளம் ஒன்று இருக்கிறது: மருந்தை முழுதாக அலசாமல் முடியிலேயே வைத்து அயர்ன் இழுத்தால் அது ஆவி கிளம்பும் வகை. அலசிய பிறகு அயர்ன் என்றால் பெரும்பாலும் தயோ வகை. பெயரைக் கேட்காதீர்கள், எப்போது அலசுவீர்கள் என்று கேளுங்கள்.

தெரியாம பண்ணிட்டேன் சிஸ்டர். அடுத்த வாரம்தான் கார்டுல ரெண்டு கோடு வந்துச்சு. என்ன பண்றது?

முதலில் அழுகையை நிறுத்துங்கள். மாதத்தில் இப்படி ஒருவராவது வருகிறார். ஃபார்மால்டிஹைடு தொட்ட இடத்தை, அதாவது கண்ணை, மூக்கை, தொண்டையைத்தான் பெரிதும் தாக்கும். ரத்தத்தில் சேர்ந்து நிற்காமல் உடம்பு சீக்கிரம் உடைத்துவிடும். ஒருமுறை செய்ததற்காகக் கருவைக் கலைக்கச் சொல்லும் டாக்டர் யாரும் இல்லை, தனி டெஸ்ட்டும் கிடையாது. செக்கப்பில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், 11 முதல் 14 வார ஸ்கேனையும் ஐந்தாம் மாத ஸ்கேனையும் எல்லோரையும் போல எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்த அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ விடாத வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவது என்று வந்தால் மசக்கை என்று விட்டுவிடாமல் அன்றே வாருங்கள். என்ன மருந்து பூசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் டாக்டருக்கு அது தோன்றாது. அந்த முடிக்கு இனி டிரையர், அயர்ன் வேண்டாம். மிச்சமிருக்கும் மருந்து சூட்டில் திரும்ப ஆவியாகலாம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம எங்க மாமியார் விடமாட்டாங்க. போடலாமா?

போடலாம், எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். வேளச்சேரிப் பக்கம் அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒருவர், ஏழாம் மாதம், தொடர்ந்து மூன்று வாரம் தலைவலி என்று வந்தார். 20 வாரத்துக்கு மேல் தலைவலி என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது பி.பி.யும் சிறுநீரில் புரதமும்தான். இரண்டும் சரியாக இருந்தன. எந்தெந்த நாள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது? மாமியாருக்கும் தலை பாரமாக இருக்கும், அவர் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். மாடிக்குப் போய்த் துணி எடுக்கும் நேரத்தில் வலி குறைந்துவிடும். அங்கேயே விஷயம் புரிந்தது.

கொட்டாங்குச்சிக் கரியைத் தணலாக்கி, தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி, எல்லா அறைக்கும் காட்டிவிட்டு, அதை ஹால் மூலையிலேயே வைத்துவிடுவார்கள். ஏசி ஓடும், ஜன்னல் சாத்தியிருக்கும். புகை அடங்கியதும் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், கரி இன்னும் ஒரு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தில் அது ஏறிக்கொள்ளும். குழந்தையின் ரத்தம் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தையிடமிருந்து மெதுவாகத்தான் நீங்கும். ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றவிடுகிறது.

அவர்களிடம் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. ஏசியை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மாமியார் தூபம் காட்டட்டும், நீங்கள் அந்த நேரம் பால்கனியில் இருங்கள், காட்டி முடித்த கையோடு தூபக்காலை வெளியே வைத்து மணலோ தண்ணீரோ போட்டு அணையுங்கள் என்றேன். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை தலைவலி இல்லை.

இதில் எதை அடையாளமாக வைத்துக்கொள்வது? ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குத் தலைவலி, வெளியே போனால் தெளிவது. அதோடு மயக்கமோ குழப்பமோ இருந்தால் எல்லோரும் வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, தலைவலியை நீங்களே சாம்பிராணிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதலில் பி.பி. பார்த்தாக வேண்டும்.

கரியே வேண்டாம்னு கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஊதுபத்தி மட்டும் ஏத்தறேன். இது ஓகேவா?

கனல் சிறியது, அந்த அளவில் நல்லது. ஆனாலும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் கரித்தூளில் செய்ததுதான். ஊதுபத்தி ஒரு கிராம் எரிந்தால் வரும் நுண்தூள், ஒரு கிராம் சிகரெட் எரிந்தால் வருவதைவிடப் பல மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். நீங்கள் இழுத்துப் புகைப்பதில்லை, அதனால் சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று பயப்படாதீர்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு பத்தி, படுக்கை அறையில் வேண்டாம், பூஜை முடிந்ததும் அணைத்துவிடலாம். மூடிய அறையில் காலையும் மாலையும் இரண்டிரண்டு என்று ஏற்றுவதைத்தான் குறைக்கச் சொல்கிறேன். எல்லாவற்றையும் விட நல்லெண்ணெய் விளக்கு நல்லது.

ஜன்னலைத் திறந்தா கொசு. கொசுவத்தி ஏத்தினா புகை. எதைத்தான் செய்யறது?

இது நியாயமான கேள்வி. சென்னையில் டெங்குதான் பெரிய பயம், கொசுவை விட்டுவைக்க முடியாது. ஆனால் மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் கூடாது. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்தூள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஊதுபத்தி கொஞ்ச நேரத்தில் தீரும், இது ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் எரியும்.

ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். டீட் கலந்த க்ரீமை அட்டையில் சொன்ன அளவில் கைகாலில் பூசிக்கொள்வது கர்ப்பத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். ஜன்னலைத் திறக்கச் சொல்லும் நானே சாத்தச் சொல்வது போகி அன்று காலையில். தெருவில் பழைய பாயும் டயரும் எரியும் நேரத்தில் வெளிக்காற்றுதான் மோசம்.

சென்ட், பாடி ஸ்ப்ரே அடிக்கலாமா?

அளவாக அடிக்கலாம். லேபிளில் ஃப்ராக்ரன்ஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல ரசாயனங்கள் அடங்கியிருக்கும். சிலவற்றில் மணம் நிற்பதற்காகத் தாலேட் வகையைச் சேர்க்கிறார்கள். அது ஹார்மோனைப் பாதிக்கிறதா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, குழந்தையைக் கெடுக்கும் என்று முடிவாகச் சொல்லும் நிலை இல்லை. அதனால் விடுங்கள் என்று சொல்லாமல் குறையுங்கள் என்கிறேன். கழுத்திலும் வயிற்றிலும் அடிக்காமல் முந்தானையில் ஒருமுறை அடித்து, காய்ந்த பிறகு கட்டிக்கொள்ளுங்கள். பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே செய்யாதீர்கள். அத்தர் இயற்கையானது என்பதால் விதிவிலக்கு கிடையாது.

கால்டாக்ஸியில் டேஷ்போர்டில் மாட்டியிருக்கும் டப்பாதான் நான் கேட்கும் பெரிய புகார். அண்ணா, வாந்தி வருது, அதைக் கொஞ்சம் டிக்கியில வையுங்க என்றால் யாரும் மறுப்பதில்லை.

எனக்கு ஆஸ்துமா இருக்கு. குழந்தைக்காக இன்ஹேலரை நிறுத்திட்டு, புகையில மட்டும் ஜாக்கிரதையா இருந்தா போதாதா?

நிறுத்தவே கூடாது. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உங்களுக்கு மூச்சு திணறினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கர்ப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா கூடுகிறது. மேலே குறைக்கலாம் என்று நான் சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் மட்டும் முழுதாகத் தவிர்த்துவிடுங்கள். நீல இன்ஹேலர் முன்பைவிட அடிக்கடி தேவைப்பட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வாருங்கள்.

கற்பூரமும் அந்துருண்டையும் மோந்து பார்த்துட்டே இருக்கணும்போல இருக்கு. சிரிக்காதீங்க சிஸ்டர்.

சிரிக்கமாட்டேன், பெட்ரோல் பங்கில் இறங்கி நிற்பவர்களையே பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஆசைக்குப் பின்னால் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். ஹீமோகுளோபின் பார்த்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பலருக்கு ஆசை அடங்கிவிடுகிறது. கற்பூரத்தை வாயில் போடுவது விஷம், சின்னத் துண்டுகூட வேண்டாம், வலிப்பு வரும். அந்துருண்டையை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள், ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வளைகாப்பு, சீமந்தம்னா ஹோமம் இருக்குமே. நான்தானே முன்னாடி உட்காரணும்?

உட்காருங்கள். ஒருநாள், ஒரு மணி நேரம்தான். ஆனால் ஏசி ஹால் என்றால் ஜன்னலைத் திறந்து ஹோமத்தை வாசல் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். சுள்ளியும் சமித்தும் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்கச் சொல்லுங்கள், ஈர விறகுதான் கண்ணைக் கரிக்கும் புகை விடும். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அடிக்கிற மாதிரி மணையைப் போட்டால் புகை எதிர்ப்பக்கம் போகும். சாஸ்திரிகளிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் தீயைச் சிறிதாக வைத்து, இடையில் எழுந்து போகவும் விடுவார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் பார்லர்லதான் வேலை பார்க்கறேன். வர்றவங்களுக்குச் சொன்னதெல்லாம் சரி, எனக்கு?

உங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். வாடிக்கையாளருக்கு வருஷத்தில் ஒருநாள், உங்களுக்கு வாரத்தில் நான்கு நாள். முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். துணி மாஸ்க்கும் சரி, என்95-உம் சரி, தூளைத்தான் தடுக்கும். ஃபார்மால்டிஹைடு வாயு, அது நேராக உள்ளே போகும்.

ஓனரிடம் த்ரெடிங், ஹேர்கட், பூ அலங்காரம், மெஹந்தி பக்கம் மாற்றச் சொல்லுங்கள். வேண்டுமானால் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கித் தருகிறோம். ஒரே அறைதான் என்றால் வேறு ஒருவர் கெரட்டின் செய்யும்போதும் நீங்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள், அந்த நேரம் வெளியே இருக்க வேண்டும். வெளிச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே சுற்றும் டேபிள் ஃபேன் கணக்கில் வராது. அயர்ன் வைக்கும்போது கண் எரிந்தால் அந்த அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பழகிவிட்டதால் எரிச்சல் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

குழந்தை பிறந்தப்புறம் எப்ப முடி ஸ்ட்ரெய்ட் பண்ணலாம்? குழந்தைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டலாமா?

பிரசவமாகி மூன்றாம் மாதம் போல முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் அது, தானாகத் திரும்ப வளரும். அந்த நேரத்தில் மருந்து போட்டுவிட்டு, மருந்தால்தான் கொட்டியது என்று வருத்தப்படுவார்கள். கொட்டுவது நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்லரில் உட்காராதீர்கள், பால் கொடுத்துவிட்டு வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது வேண்டாம். தலை ஈரம் போக மெல்லிய துண்டால் ஒற்றினாலே போதும். அப்புறம், அந்துருண்டை விஷயம். பாட்டி டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த தூளித் துணியையும் பழைய சட்டைகளையும் எடுத்துத் தருவார். நாப்தலீன் உருண்டையோடு இருந்த துணியை அப்படியே போட்டால், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். யாருக்கு அந்தக் குறை என்று பார்த்துத் தெரியாது. அந்தத் துணிகளைப் பலமுறை துவைத்து, வெயிலில் நாள்கணக்கில் உலர்த்தி, முகர்ந்தால் கொஞ்சம்கூட நெடி இல்லை என்றால் மட்டும் எடுங்கள். நெடி இருந்தால் பாட்டியிடம் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு பருத்திப் புடவையைக் கிழித்துத் தூளி கட்டுங்கள்.